அகல வீடியோவை ஷார்ட்ஸுக்கு நிமிர்த்தும்போது பேசுபவரை நடுவில் நிறுத்துவது: அடிக்கடி வரும் கேள்விகள்

பட்டிமன்றம், கருத்தரங்கு, புத்தக வெளியீடு மாதிரியான மேடை நிகழ்ச்சிகளின் பதிவிலிருந்து ஒரு நிமிடத் துண்டு வெட்டிக் கொடுக்கிறவன் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான் என்பதால் அவற்றை இங்கே ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன். உதாரணங்கள் எல்லாம் ஒரே வகைப் பதிவிலிருந்து வருகின்றன: அரங்கத்தின் பின்னால் முக்காலியில் நிற்கும் ஒரே கேமரா, 1920×1080, நொடிக்கு 25 ஃபிரேம், மேடையில் போடியமும் மைக்கும்.

16:9 வீடியோவை 9:16 ஆக்கினா எவ்வளவு படம் போயிடும்?

மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் மேலேயே போய்விடும். 1920×1080 படத்தில் உயரம் முழுவதையும் எடுத்துக்கொண்டு 9:16 ஜன்னல் ஒன்று வரைந்தால் அதன் அகலம் 607.5 பிக்சல். கணக்குக்கு 608 என்று வைத்துக்கொள்ளலாம். மீதி 1312 பிக்சல் ஜன்னலுக்கு வெளியே நிற்கும். ஜன்னலை இடமும் வலமும் நகர்த்த உங்களுக்கு இருக்கும் இடமும் அந்த 1312தான்.

அந்த 608 பிக்சல் அகலம், ஷார்ட்ஸுக்கான 1080 பிக்சலை நிரப்ப வேண்டும். அதாவது படம் சுமார் 1.78 மடங்கு பெரிதாகிறது. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான் வருகிறது.

அப்படியே நடுவுல வச்சுட்டு, மேலயும் கீழயும் மங்கலா நிரப்பிட்டா போதாதா?

போதாது. முழு அகலப் படத்தை 1080 பிக்சல் அகலத்துக்குள் அடக்கினால் அதன் உயரம் 608 பிக்சல்தான் வரும். 1920 உயரமுள்ள திரையில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மூலப்படத்தில் 150 பிக்சல் உயரம் இருந்த முகம் சுமார் 84 பிக்சலாகச் சுருங்கிவிடும். பேசுபவரின் கண்ணே தெரியாத ஒரு பேச்சை யார் நின்று பார்ப்பார்கள்?

முழுப் படமும் தேவைப்படுகிற தருணம் ஒன்று உண்டு: பின்னால் திரையில் ஏதோ ஓடுகிறது, பேச்சே அதைப் பற்றித்தான் என்னும்போது. அதற்கும் மங்கல் நிரப்பைவிட நல்ல வழி இருக்கிறது, கீழே திரை பற்றிய கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

நடுவுலன்னா எதை நடுவுல வைக்கணும்? மூக்கையா, உடம்பையா?

கழுத்துக் குழியை. இரண்டு தோள்களுக்கும் நடுவே, சட்டையின் முதல் பொத்தான் இருக்கும் இடம். மூக்கை வைத்து அளந்தால் சிக்கல்: மேடையில் பேசுகிறவர் நடுவரைப் பார்ப்பார், எதிரணியைப் பார்ப்பார், கூட்டத்தின் இரு பக்கமும் பார்ப்பார். தலை திரும்புகிற ஒவ்வொரு முறையும் மூக்கு இருபது முப்பது பிக்சல் தள்ளிப்போகும், ஆனால் ஆள் நின்ற இடத்திலேயேதான் நிற்கிறார். மூக்கைத் துரத்தினால் பின்னணியில் இருக்கும் பேனர் ஆடத் தொடங்கும், ஆள் மட்டும் ஆடாமல் நிற்பார். பார்க்கிறவருக்குக் காரணம் புரியாது, ஆனால் தலை சுற்றும்.

ஒரு விதிவிலக்கு. துண்டு முழுவதும் ஒரே பக்கம் பார்த்துப் பேசுகிறார் என்றால், அவர் பார்க்கும் திசையில் கொஞ்சம் கூடுதல் இடம் விடுங்கள். மூலப்படத்தில் 30 முதல் 50 பிக்சல் போதும். இல்லையென்றால் சுவரைப் பார்த்துப் பேசுவது போல இருக்கும். மைக் தாங்கி முகத்தின் ஒரு பக்கத்தில் பெரிதாகத் தெரிந்தாலும் இப்படிச் சற்றே தள்ளிவைப்பது உதவும்.

மேலே கீழே எங்க வைக்கிறது? தலைக்கு மேல ரொம்ப இடம் வருதே

உயரம் முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டால் மேலே கீழே நகர்த்த இடமே இல்லை. ஆகவே முதலில் கொஞ்சம் ஜூம் செய்ய வேண்டும். 1.15 ஜூம் வைத்தால் 1920 உயரம் 2208 ஆகும், மேலும் கீழும் 144 பிக்சல் வரை நகர்த்தலாம். கண்கள் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில், அதாவது ஏறக்குறைய 640ஆவது பிக்சலில் விழுந்தால் சரியாக இருக்கும்.

ஜூமுக்கு விலை உண்டு. மேலே சொன்ன 1.78 மடங்கு இப்போது 2.04 ஆகிவிடும், ஜன்னலின் அகலமும் 608-லிருந்து 528 ஆகக் குறையும். கையை விரித்துப் பேசுகிறவரின் விரல்கள் வெட்டுப்படத் தொடங்குவது இங்கேதான். 1080 பதிவில் 1.15-ஐத் தாண்டுவதற்கு முன் இரண்டு முறை யோசிப்பேன்.

இன்னொன்று: ஷார்ட்ஸில் கீழ்ப்பகுதியில் சேனல் பெயரும் தலைப்பும், வலது ஓரத்தில் லைக், கமெண்ட் பொத்தான்களும் படத்தின் மேலேயே வந்து உட்காரும். எழுத்து போடுவதானால் அடிமட்டத்தில் போடாமல் மார்பு உயரத்தில் போடுங்கள். பொத்தான்கள் வலப்பக்கம் இருக்கிறதே என்று ஆளை இடப்பக்கம் தள்ள வேண்டாம். அவை ஓரத்தில் நிற்பவை, முகத்தைத் தொடாது.

இலவச மென்பொருள்ல இதெல்லாம் முடியுமா?

முடியும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும், கேடென்லைவிலும் செய்யலாம். ரிசால்வில் புது டைம்லைன் உருவாக்கும்போது Use Project Settings என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு, அளவை 1080×1920 என்று கொடுங்கள். அதே இடத்தில் Mismatched Resolution என்ற வரியில் Scale full frame with crop என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது கிளிப்பை இழுத்துப் போட்டால் அது உயரம் நிரம்பி, நடுப்பகுதி மட்டும் தெரிகிற மாதிரி வந்து நிற்கும். இனி Inspector-இல் Position X என்ற ஒரு எண்ணை மாற்றுவதுதான் வேலை.

டைம்லைனின் ஃபிரேம் வேகத்தை மூலத்துக்கு ஏற்றபடியே வையுங்கள். 25 ஃபிரேம் பதிவை 30 ஃபிரேம் டைம்லைனில் போட்டால் சில ஃபிரேம்கள் இரட்டிக்கும், ஜன்னலை நகர்த்தும் இடங்களில் அது திக்கித் திக்கித் தெரியும்.

Position X எவ்வளவு வைக்கணும்னு கண்ணாலதான் பார்க்கணுமா, கணக்கு இருக்கா?

கணக்கு இருக்கிறது. மூலப்படத்திலிருந்து ஒரு ஃபிரேமைப் படமாக எடுத்து, ஏதாவது வரைகலை மென்பொருளில் திறந்து, கழுத்துக் குழியின் மேல் மவுஸை வைத்தால் எத்தனையாவது பிக்சல் என்று காட்டும். அந்த எண்ணை 960-லிருந்து கழித்து 1.78-ஆல் பெருக்கினால் Position X வந்துவிடும்.

ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம். 52 நொடி. பேச்சாளர் போடியத்தில் நிற்கிறார், கழுத்துக் குழி 1180-இல் இருக்கிறது. 960 கழித்தல் 1180 என்பது −220. அதை 1.78-ஆல் பெருக்கினால் −391. இந்த எண்ணை அடித்ததும் ஆள் நடுவுக்கு வந்துவிடுவார். பிரீமியரில் இதே வேலைக்கு Scale 177.8 வைத்து, Position-இன் முதல் எண்ணாக 540 − 391 = 149 கொடுக்க வேண்டும், ஏனென்றால் அங்கே நடு என்பது 0 அல்ல, 540.

எண்ணைப் போட்ட பிறகு கண்ணாலும் ஒருமுறை பாருங்கள். துண்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால் ஆள் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறார் என்பது உடனே தெரிந்துவிடும்.

தானாவே முகத்தைக் கண்டுபிடிச்சு நடுவுல வைக்கிற வசதி இருக்கே, அதை விட்டுட்டு ஏன் இவ்வளவு பாடு?

இருக்கிறது. பிரீமியரில் Auto Reframe, ஃபைனல் கட் புரோவில் Smart Conform, ரிசால்வில் Smart Reframe. ரிசால்வில் மட்டும் அது காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பில்தான் வரும். ஒருவர் மட்டும் தெரிகிற, வெளிச்சம் நன்றாக உள்ள பதிவுக்கு இவை நல்ல தொடக்கம். நானும் நீளமான துண்டுகளுக்கு முதலில் இதை ஓடவிட்டுப் பார்ப்பதுண்டு.

மேடை நிகழ்ச்சியில் இது சறுக்கும் இடங்கள் பழகிப்போனவை. பேச்சாளருக்குப் பின்னால் ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், அவர்களில் ஒருவர் தண்ணீர் குடிக்கக் கையைத் தூக்கினால் ஜன்னல் அவர் பக்கம் போய்விடும். பின்னணி பேனரில் தலைவர் படம் அச்சடித்திருந்தால் அதையும் முகம் என்று எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட, மூன்றாவது கேள்வியில் சொன்ன மூக்கைத் துரத்தும் வேலையைத்தான் இது செய்கிறது.

பிரீமியரில் இதைப் போட்டால் Motion Tracking என்ற இடத்தில் Slower Motion வையுங்கள். மேடைக்கு அதுதான் பொருந்தும். அது உருவாக்கும் கீஃபிரேம்கள், அதாவது இந்த நேரத்தில் ஜன்னல் இந்த இடத்தில் என்று குறிக்கும் புள்ளிகள், திருத்தக்கூடியவை, தேவையற்றவற்றை அழித்துவிடலாம். பாதிக்கு மேல் அழிக்க வேண்டிவந்தால் மொத்தத்தையும் அழித்துவிட்டுக் கையால் வைப்பதே வேகம்.

பேசறவர் மைக்கைக் கழட்டிக்கிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டார். அப்போ?

அப்போதுதான் கீஃபிரேம் வேண்டும், அதற்கு முன் வேண்டாம். அதே 52 நொடித் துண்டில், 14ஆவது நொடியில் அவர் போடியத்தை விட்டு இடப்பக்கம் நகர்கிறார். 16ஆவது நொடியில் நின்றுவிடுகிறார், கழுத்துக் குழி இப்போது 820-இல். 960 − 820 = 140, பெருக்கினால் +249. ஆக 14ஆவது நொடியில் −391 என்று ஒரு கீஃபிரேம், 16ஆவது நொடியில் +249 என்று இன்னொன்று. அவ்வளவுதான். நடுவில் ஒவ்வொரு அடிக்கும் கீஃபிரேம் வைத்தால் அவருடைய நடையின் குலுக்கல் முழுவதும் படத்துக்குள் வந்துவிடும்.

நேரத்தில் ஒரு சின்ன நுணுக்கம். ஜன்னல் ஆளுக்கு முன்னால் ஓடக் கூடாது. அவர் காலெடுத்து வைத்த பிறகு நான்கைந்து ஃபிரேம் கழித்து ஜன்னல் கிளம்பட்டும், அவர் நின்ற பிறகு நான்கைந்து ஃபிரேம் கழித்து நிற்கட்டும். நல்ல கேமராக்காரர் கையால் திருப்பும்போதும் இப்படித்தான் நடக்கும். முன்கூட்டியே நகரும் ஜன்னலைப் பார்த்தால், நடக்கப்போவது அதற்கு முன்பே தெரிந்த மாதிரி இருக்கும்.

நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்டிப் பேசுகிறவர்களுக்கு நகர்த்தவே வேண்டாம். 1080 அகலத் திரையில் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 100 பிக்சல் வரை அவர் போய் வரலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள். அந்த எல்லையைத் தாண்டி அங்கேயே தங்கினால் மட்டும் ஜன்னலை நகர்த்துங்கள். தாண்டிவிட்டு ஒரு நொடியில் திரும்பி வருகிறவரை விட்டுவிடுங்கள்.

கீஃபிரேம் வச்சேன், ஆனா நகர்றது இயந்திரத்தனமா இருக்கு. சில நேரம் தானா பின்னாடி போய்ட்டு வருது

முதல் பாதிக்குக் காரணம், நகர்வு சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிற்பது. தொடக்கக் கீஃபிரேமில் Ease Out, முடிவில் Ease In கொடுங்கள், மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்கும்.

இரண்டாவது பாதி பிரீமியர்க்காரர்களுக்கு வரும் தலைவலி. Position-க்குக் கீஃபிரேம் வைக்கும்போது அது நகரும் பாதையையே வளைவாக எடுத்துக்கொள்ளும். ஒரே மதிப்புள்ள இரண்டு கீஃபிரேம்களுக்கு நடுவில் படம் அசையாமல் நிற்க வேண்டும், ஆனால் இந்த வளைவால் லேசாகப் பின்னால் போய்த் திரும்பும். கீஃபிரேம்களைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்து Spatial Interpolation என்பதில் Linear வைத்தால் நின்றுவிடும். Temporal Interpolation-இல் நீங்கள் வைத்த Ease அப்படியே இருக்கும், அதைத் தொட வேண்டாம்.

என்கிட்ட இருக்கிறது ஏற்கெனவே எடிட் பண்ணின வீடியோ. நாலு கேமரா மாத்தி மாத்தி வருது

முதல் வேலை, ஷாட் மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் கிளிப்பை வெட்டிவிடுவது. ரிசால்வில் Scene Cut Detection, பிரீமியரில் Scene Edit Detection இதைச் செய்துகொடுக்கும். பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி Position X. கீஃபிரேம் அனேகமாகத் தேவைப்படாது.

வெட்டாமல் கீஃபிரேமால் சமாளிக்கப் பார்த்தால் ஷாட் மாறுகிற இடத்தில் ஓரிரு ஃபிரேம் தவறான இடம் மின்னும். போனில் பார்க்கும்போது ஏதோ உறுத்தியது என்று மட்டும் தோன்றும், என்னவென்று தெரியாது. சந்தேகம் இருந்தால் வெட்டுக்கு முன்னும் பின்னும் அம்புக்குறி விசையால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்ந்து பாருங்கள்.

கூட்டத்தைக் காட்டும் ஷாட் வந்தால் அதில் நடுவில் வைக்க ஆள் யாரும் இல்லை. சிரிக்கிற ஒரு முகத்தைப் பார்த்து அங்கே ஜன்னலை வையுங்கள். அதே மாதிரி, கேமராக்காரரே பேச்சாளரோடு கேமராவைத் திருப்பியிருக்கும் ஷாட்டில் ஜன்னலை நகர்த்தாதீர்கள். ஆள் ஏற்கெனவே படத்தின் ஒரே இடத்தில்தான் நிற்கிறார், நீங்களும் நகர்த்தினால் இரட்டை ஆட்டம்.

ரெண்டு பேர் மாறி மாறிப் பேசறாங்க. யாரை நடுவுல வைக்கிறது?

பேசுகிறவரை. ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் ஜன்னலை இழுத்துக்கொண்டு போகாதீர்கள், வெட்டிவிடுங்கள். இருவருக்கும் நடுவில் இருக்கும் காலி மேசையையும் தண்ணீர் பாட்டிலையும் காட்டிக்கொண்டே போகும் பயணம் யாருக்கும் வேண்டாம். வெட்டும் இடம்: அடுத்தவர் குரல் கேட்ட பிறகு ஆறேழு ஃபிரேம் தள்ளி. குரல் முதலில், முகம் பிறகு என்று வரும்போது வெட்டு உறுத்தாது. ‘ஆமாம்’, ‘சரி’ என்று நடுவர் குறுக்கே சொல்கிற ஒற்றைச் சொற்களுக்கெல்லாம் அவர் பக்கம் போக வேண்டியதில்லை.

இரண்டு பேரின் ஷாட்டிலும் மூன்றாவது கேள்வியில் சொன்ன விதிவிலக்கைப் பயன்படுத்துங்கள். வலப்பக்கம் பார்ப்பவர் நடுவிலிருந்து சற்றே இடப்பக்கம், இடப்பக்கம் பார்ப்பவர் சற்றே வலப்பக்கம். இருவரையும் கச்சிதமாக ஒரே புள்ளியில் வைத்தால், வெட்டும்போது ஒருவர் முகம் இன்னொருவராக மாறுவது போல இருக்கும்.

வாக்குவாதம் சூடாகி இருவரும் ஒரே நேரத்தில் பேசினால், அந்த இடத்துக்கு மட்டும் மேலே ஒருவர் கீழே ஒருவர் என்று அடுக்கலாம். ஒவ்வொருவருக்கும் 1080×960. மூலத்திலிருந்து 608×540 பிக்சல் வெட்டி எடுத்தால் அதே 1.78 மடங்குதான், படத்தின் தரம் இறங்காது. ஆனால் 540 பிக்சல் உயரத்துக்குள் தலையும் தோளும் அடங்குகிற அளவுக்கு அவர்கள் தூரத்தில் இருக்க வேண்டும். அருகில் எடுத்த பதிவில் நெற்றி வெட்டுப்படும்.

பின்னாடி திரையில படம் காட்டிப் பேசறார். ஆளைக் காட்டினா திரை போகுது, திரையைக் காட்டினா ஆள் போறார்

இரண்டையும் பிரித்து அடுக்குங்கள். மேலே 1080×608 அளவில் திரை, கீழே மீதமுள்ள 1080×1312-இல் பேச்சாளர். திரைப்பகுதிக்குக் கேமரா பதிவை நம்பாமல், அவர் காட்டிய ஸ்லைடையே வாங்கிப் படமாகப் போட்டுவிட்டால் எழுத்து தெளிவாக இருக்கும். பேச்சாளர் பகுதியின் கீழ் ஓரத்தை ஷார்ட்ஸின் தலைப்பு மறைக்கும் என்பதால் முகம் அந்தப் பகுதியின் மேல்பாதியில் இருக்கட்டும். திரையைப் பற்றிப் பேசி முடித்ததும் பழையபடி முழு உயர ஜன்னலுக்கு வந்துவிடலாம், துண்டு முழுவதும் அடுக்கி வைத்திருக்க வேண்டியதில்லை.

படம் மங்கலா வருது. 4K-ல எடுத்தும் அப்படித்தான் இருக்கு

1080 பதிவு என்றால் 1.78 மடங்கு பெரிதாக்கியதன் விளைவு, கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கும். போன் திரையில் அது பெரிதாகத் தெரியாது. கூர்மையை ஏற்றி ஈடுகட்ட முயன்றால் முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு வரும், அது மங்கலைவிட மோசம்.

4K பதிவில் மங்கல் வரக் கூடாது. 3840×2160-இல் ஜன்னலின் அகலமே 1215 பிக்சல், அதாவது 1080-க்குச் சுருக்கத்தான் செய்கிறீர்கள். அப்படியும் மங்கினால், பிரீமியரில் கிளிப்பின் மேல் Scale to Frame Size போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது 4K படத்தை முதலில் சீக்வென்ஸ் அளவுக்குச் சுருக்கிவிடும், பிறகு நீங்கள் பெரிதாக்குவது அந்தச் சுருங்கிய படத்தைத்தான். அதை எடுத்துவிட்டு Scale எண்ணைக் கையால் கொடுங்கள். 4K-க்கு 88.9 வைத்தால் உயரம் நிரம்பும்.

பழைய கேமராப் பதிவுகளில் வேறொரு நோய் உண்டு. கை அசையும்போது விளிம்பில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிந்தால் அது இன்டர்லேஸ்டு பதிவு. பெரிதாக்குவதற்கு முன்னால் டீஇன்டர்லேஸ் செய்துவிட வேண்டும், பெரிதாக்கிய பிறகு செய்தால் கோடுகள் போகாது.

கீழே போட்டிருக்கிற பெயர்ப் பட்டையும் ஓரத்துல இருக்கிற லோகோவும் பாதியா வெட்டுப்படுது

பட்டை இல்லாத மூலப் பதிவைக் கேட்டு வாங்குவதுதான் சரியான வழி. பதிவு செய்தவரிடம் அனேகமாக இருக்கும். கிடைக்காவிட்டால் பெயர் வருகிற அந்த ஐந்தாறு நொடிகளைத் தவிர்த்துத் துண்டைத் தொடங்குங்கள். அதுவும் முடியாதென்றால், அந்த நேரத்துக்கு மட்டும் கீழ்ப்பகுதியில் உங்கள் சொந்தப் பெயர்ப் பட்டையைப் பழையதன் மேல் வையுங்கள். பாதி எழுத்து தெரிவதைத் தவிர வேறு எதுவும் ஏற்கத்தக்கதுதான்.

எனக்கு ffmpeg பழக்கம். ஒரே கட்டளையில முடியுமா?

முடியும். மேலே பார்த்த 52 நொடித் துண்டு, மூலத்தில் 12 நிமிடம் 40 நொடியில் தொடங்குகிறது என்றால்:

```
ffmpeg -ss 00:12:40 -t 52 -i pechu.mp4 -vf "scale=-2:1920,crop=1080:1920:'1558-640*st(0,clip((t-14)/2,0,1))*ld(0)*(3-2*ld(0))':0,setsar=1" -c:v libx264 -crf 18 -c:a aac -b:a 192k short.mp4
```

இங்கே எண்கள் ஜன்னலின் இடது விளிம்பைக் குறிக்கின்றன. 1180-ஐ 1.778-ஆல் பெருக்கி 540 கழித்தால் 1558, 820-க்கு அதே கணக்கு 918. இரண்டுக்கும் இடையே உள்ள 640 பிக்சலை 14ஆவது நொடியிலிருந்து இரண்டு நொடிகளில் கடக்கிறது. ld(0) வருகிற பகுதிதான் மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்கச் செய்வது.

scale முதலில், crop பிறகு என்ற வரிசையை மாற்றாதீர்கள். வழக்கமான 4:2:0 வீடியோவில் crop இரட்டைப்படை பிக்சல்களில் மட்டுமே போய் நிற்கும். முதலில் வெட்டிப் பிறகு பெரிதாக்கினால் அந்த இரண்டு பிக்சல் தாவல் மூன்றரையாகப் பெருகி, மெதுவான நகர்வில் நடுக்கமாகத் தெரியும்.

எல்லாம் சரியா செஞ்சும் ஆள் கொஞ்சம் ஒல்லியா, முகம் நீளமா தெரியுது

பழைய கேமராக்கள் சில 1440×1080-இல் பதிவு செய்யும். அதன் பிக்சல்கள் சதுரம் அல்ல, ஓட்டும்போது 1920-க்கு விரித்துக் காட்ட வேண்டும். அந்தக் குறிப்பு வழியில் தொலைந்துவிட்டால் ஆள் ஒல்லியாகிவிடுவார். கோப்பின் அகலத்தைப் பாருங்கள், 1440 என்றிருந்தால் கிளிப் அமைப்பில் பிக்சல் விகிதத்தை 1.33 என்று மாற்றுங்கள். ffmpeg-இல் scale=3414:1920 என்று அகலத்தை நேரடியாகக் கொடுத்துவிடலாம். நிலையைக் கணக்கிட எடுக்கும் படமும் 1920-க்கு விரித்ததாக இருக்க வேண்டும்.

பேச்சாளர் படத்தோட ஓரத்துலயே நிக்கறார். எண்ணைப் போட்டா கறுப்புப் பட்டை வருது

ஜன்னலின் பாதி அகலம் 304. ஆகவே கழுத்துக் குழி 304-க்கும் 1616-க்கும் நடுவில் இருந்தால்தான் அவரை நடுவுக்குக் கொண்டுவர முடியும். 1700-இல் நிற்கிறவரை நடுவில் வைக்க அவருக்கு வலப்பக்கம் படமே இல்லை, அதனால்தான் கறுப்பு.

கொஞ்சம் ஜூம் செய்தால் எல்லை விரியும். 1.15-இல் பாதி அகலம் 264, அப்போது 1656 வரை முடியும். 1700-க்கு அதுவும் போதாது, சுமார் 1.4 வேண்டும். 1080 பதிவில் அது மிக அதிகம், 4K என்றால் தாராளமாகச் செய்யலாம். இல்லையென்றால் ஜன்னலை ஓரத்தோடு நிறுத்திவிட்டு அவர் நடுவிலிருந்து தள்ளி நிற்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். மேடையின் வலக்கோடியில் நிற்கிறவர் பெரும்பாலும் இடப்பக்கம், கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசுவார். அவர் பார்க்கும் திசையில் இடம் இருக்கும்போது படம் தவறாகத் தெரியாது. படத்தைக் கண்ணாடி போலத் திருப்பிப் போடும் யோசனையும் சிலர் சொல்வார்கள், பின்னணி பேனரில் எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்த முறை அதே அரங்கில் பதிவு நடந்தால், கேமராத் திரையில் மூன்று பாகக் கோடுகளைப் போட்டுவிட்டு, போடியம் நடுப்பாகத்துக்குள் விழுகிற மாதிரி முக்காலியை நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள். 4K-இல் எடுக்க முடிந்தால் எடுக்கட்டும்.